130 வெள்ளிக்கு நிரப்புவதா, 170 வெள்ளிக்கு நிற்பதா?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் 80 அறைகள் கொண்ட ஒரு சின்ன ஹோட்டல். அதில் சில வருடங்கள் நைட் ஆடிட்டராக இருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு அன்றைய கணக்கை மூடி, மேலிடத்துக்கு ஒரு பக்க அறிக்கை எடுத்து வைப்பது என் வேலை. அந்த அறிக்கையின் தலையில் மூன்று எண்கள் இருக்கும்: OCC, ADR, RevPAR. காலையில் தே தாரிக்கோடு அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை போடுவார்கள். ஒருவர் முன்மேசை மேனேஜர். இன்னொருவர் கணக்குப் பிரிவு அக்கா.

"ரூம் காலியா கிடந்தா அந்த ராத்திரி திரும்ப வருமா?" என்பார் மேனேஜர். விலையைக் குறைத்தாவது நிரப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. "காலியா கிடக்கட்டும் அண்ணே, படுக்கை விரிப்பு துவைக்கிற காசாவது மிச்சம்" என்பார் அக்கா. இரண்டு பேருமே அதே மூன்று எண்களைத்தான் காட்டிப் பேசுவார்கள். அதனால்தான் அந்தச் சண்டை முடியவே முடியாது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். OCC என்பது நிரம்பிய விகிதம்: விற்ற அறைகளை, இருக்கும் அறைகளால் வகுப்பது. ADR என்பது விற்ற அறை ஒன்றுக்குச் சராசரியாக வந்த வாடகை: அறை வருமானத்தை விற்ற அறைகளால் வகுப்பது. முதல் எண்ணுக்கு வாடகை தெரியாது, இரண்டாவதற்குக் காலி அறை தெரியாது. ஒரே ஓர் அறையை 500 வெள்ளிக்கு விற்றுவிட்டு மற்ற 79 அறைகளையும் பூட்டி வைத்தாலும் ADR 500 என்றே காட்டும். இந்த இரண்டு குருட்டுத்தனத்தையும் சரிக்கட்ட வந்தது RevPAR. அறை வருமானத்தை, விற்றது விற்காதது எல்லாம் சேர்த்து இருக்கும் அறைகளால் வகுக்க வேண்டும். ADR-ஐ OCC-ஆல் பெருக்கினாலும் அதே விடைதான். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் மாதந்தோறும் ஹோட்டல்களைப் பற்றி வெளியிடும் புள்ளிவிவரங்களிலும் இந்த மூன்றும் இருக்கும்.

வருமானம் என்று எதைப் போடுவது என்பதிலேயே பலர் தடுக்கி விழுவார்கள். விருந்தாளி கட்டும் தொகை முழுதும் நம்முடையது அல்ல. இங்கே 100 வெள்ளி "பிளஸ் பிளஸ்" என்றால் அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகைமேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. கடைசியில் விருந்தாளி கட்டுவது 119 வெள்ளி 90 காசு. ADR கணக்குக்கு நாங்கள் எடுத்துக்கொள்வது அந்த 100 மட்டும். அறையோடு காலை உணவும் சேர்த்து விற்றால், உணவுக்கான பங்கையும் கழித்துவிட வேண்டும். ஒரு மாதம் அந்தப் பங்கைக் கழித்துவிட்டு, மறு மாதம் கழிக்க மறந்தால், வாடகை திடீரென்று ஏறிய மாதிரி அறிக்கை தெரியும். எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

சரி, சண்டைக்கு வருவோம். விழா, மாநாடு எதுவும் இல்லாத ஒரு செவ்வாய் இரவு. எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை, ஆனால் எங்கள் ஹோட்டலின் அளவுக்குப் பொருந்துபவை. மேனேஜர் வழியில் வாடகை 130, விற்பது 74 அறை. அக்கா வழியில் வாடகை 170, விற்பது 56 அறை.

| | 130 வெள்ளி | 170 வெள்ளி |
|---|---|---|
| விற்ற அறைகள் | 74 | 56 |
| OCC | 92.5% | 70% |
| அறை வருமானம் | 9,620 | 9,520 |
| RevPAR | 120.25 | 119.00 |

RevPAR-ஐ மட்டும் பார்த்தால் மேனேஜர் ஒரு வெள்ளி கால் வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். போதாக்குறைக்கு 92.5 விழுக்காடு என்ற எண் கேட்கவே கம்பீரமாக இருக்கும். முதலாளி கேட்கும் முதல் கேள்வியும் "நேத்து எத்தன ரூம் போச்சு?" என்பதுதான். அதனால் மேனேஜர் கட்சிக்கு எப்போதும் ஒரு கை ஓங்கியே இருக்கும்.

RevPAR வருமானத்தோடு நின்றுவிடும் எண். ஓர் அறை விற்றால் கூடவே வரும் செலவு அதில் தெரியாது. சலவைக்காரர் துண்டுக் கணக்கில் பில் போடுவார், அறை சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரர் அறைக் கணக்கில் கேட்பார். அப்புறம் சோப்பு, தண்ணீர், ஏர்கான் ஓடும் மின்சாரம். இவை எல்லாம் சேர்த்து விற்ற அறை ஒன்றுக்கு 30 வெள்ளி என்று வைப்போம். முன்மேசையில் நிற்பவர்களின் சம்பளத்தை இதில் சேர்க்கக் கூடாது. 56 அறை போனாலும் 74 போனாலும் அந்தச் சம்பளம் ஒன்றுதான்.

இன்னொன்று முன்பதிவு இணையத்தளங்களுக்குப் போகும் கமிஷன். 18 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவான வாடகையைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அந்தத் தளங்கள் வழியாகத்தான் வருவார்கள். அதனால் 130 வழியில் 74-இல் 50 அறைகளும், 170 வழியில் 56-இல் 30 அறைகளும் அப்படி வந்தன என்று கணக்கு போடுகிறேன்.

மேனேஜர் வழியில் அறைச் செலவு 2,220, கமிஷன் 1,170. 9,620-இல் இரண்டையும் கழித்தால் மிச்சம் 6,230. அக்கா வழியில் அறைச் செலவு 1,680, கமிஷன் 918. மிச்சம் 6,922. RevPAR-இல் தோற்றவர் கையில் 692 வெள்ளி கூடுதலாக நிற்கிறது. ஒரே ஒரு செவ்வாய்க்கிழமைக்கு!

மேனேஜர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். "இன்னும் ஆறு ரூம் போட்டு ஹவுஸ்ஃபுல் ஆக்கிட்டா?" அதையும் போட்டுப் பார்த்தோம். அந்த ஆறு அறைகளும் கமிஷனே இல்லாமல் நேரடியாக வந்ததாக வைத்தால், அறைக்கு 100 வீதம் 600 வெள்ளி சேரும். மொத்தம் 6,830. அப்போதும் 6,922-ஐத் தொடவில்லை. கடைசி அறை வரை விற்றாலும் எட்டாத ஓர் இடத்தில், காலி அறைகள் 24 இருக்கும் இரவு நிற்கிறது. எனக்கே முதல் தடவை இதை நம்ப முடியவில்லை, கால்குலேட்டரை மறுபடி தட்டினேன்.

"வந்தவங்க கீழ சாப்பிடுவாங்கல்ல?" என்பது அவருடைய அடுத்த பதில். நியாயமான கேள்விதான். கூடுதலாக வரும் 18 அறைகள் அந்த 692-ஐ ஈடுகட்ட வேண்டுமானால், அறைக்கு 38 வெள்ளிக்குமேல் உணவிலிருந்து லாபம் வர வேண்டும். விற்பனை அல்ல, லாபம். ரிசார்ட்டில் அது நடக்கலாம். தேக்கா நிலையத்தின் சாப்பாட்டுக் கடைகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கும்போது எங்கள் விருந்தாளி எங்கள் உணவகத்தில் அவ்வளவு செலவழிப்பார் என்று நான் நம்பவில்லை.

இதனால் அக்கா எப்போதும் சரி என்று ஆகிவிடாது. 170-இல் அறை ஒன்றுக்கு, செலவும் கமிஷனும் போக, சுமார் 123 வெள்ளி 60 காசு நிற்கிறது. மேனேஜர் வழியின் 6,230-ஐ அதால் வகுத்தால் 50-க்குக் கொஞ்சம் மேல் வரும். ஆக எல்லைக்கோடு 51 அறை. 170 சொன்னால் குறைந்தது 51 அறை போகும் என்றால் அக்கா வழி. 45 தான் போகும், ஆனால் 130 சொன்னால் 74 நிச்சயம் என்றால் மேனேஜர் வழி. இருவரும் உண்மையில் சண்டை போட்டிருக்க வேண்டியது அந்த இரவுக்குக் கேட்பு எவ்வளவு என்பதைப் பற்றித்தான். அதை விட்டுவிட்டுக் கொள்கையைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

மேனேஜர் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. விலையைக் குறைத்தால் 18 பேர் புதிதாக வருவார்கள் என்பது அனுமானம். ஒருமுறை நிஜமாகவே குறைத்தபோது நடந்தது வேறு. ஏற்கெனவே 170-க்குப் பதிந்திருந்தவர்கள், இலவசமாக ரத்து செய்யலாம் என்ற விதியைப் பயன்படுத்தி ரத்து செய்துவிட்டு, 130-க்கு மறுபடி பதிந்தார்கள். அன்றைய முன்பதிவுப் பட்டியலில் புதுப் பதிவுகள் வரிசையாக விழுந்தன, மேனேஜர் முகம் மலர்ந்தது. ரத்துப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிப் பெயர்கள் இரண்டிலும் இருந்தன. இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம்: விலை குறைத்த மறுநாள் பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல், ரத்து போக நிகரமாக எத்தனை ஏறியது என்று பாருங்கள். ADR இறங்கி OCC அசையாமல் இருந்தால், பழைய விருந்தாளிகளுக்கே தள்ளுபடி கொடுத்திருக்கிறீர்கள்.

OCC-ஐ அழகாகக் காட்ட ஒரு குறுக்குவழியும் உண்டு. ஆறு அறைகளில் பழுது என்று எழுதி அவற்றை "இருக்கும் அறைகள்" கணக்கிலிருந்தே தூக்கிவிட்டால் 74-க்கு 74, நூறு விழுக்காடு! RevPAR-உம் 120.25-லிருந்து 130-க்குத் தாவிவிடும். பெட்டியில் ஒரு காசு கூடுதலாக வந்திருக்காது. ஒழுகும் குழாய்க்காக நாலு நாள் பூட்டிய அறை வகுக்கும் எண்ணில் இருந்தே ஆக வேண்டும். அது விற்க முடியாமல் போனதும் நம் நஷ்டம்தானே.

எஃப்1 கார்ப் பந்தய வாரத்தில் இந்தச் சண்டையே கிடையாது. கேட்பு அறைகளைவிட அதிகம், விலையை ஏற்றுவது ஒன்றுதான் கேள்வி. ஆனால் அந்த நாட்களில் RevPAR இன்னொரு விதத்தில் ஏமாற்றும். 2008-இல் பந்தயம் இங்கே வந்தபோதே, பந்தயப் பாதையை ஒட்டிய ஹோட்டல்களுக்கு அறை வருமானத்தில் 30 விழுக்காடு, மற்ற ஹோட்டல்களுக்கு 20 விழுக்காடு என்று அரசு தீர்வை வைத்தது. 20 விழுக்காடு தீர்வை கட்டவேண்டிய ஓர் அறை 400-க்குப் போனால் 80 அரசுக்கு. அதைக் கழிக்காமல் சாதாரண வாரத்தோடு ஒப்பிட்டால் அந்த வாரம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 170-ஐத் தளங்களில் அப்படியே வைப்பது. மூன்று நாள் முன்னால் பதிவுகளைப் பார்த்து, 51-ஐத் தொடாது என்று தெரிந்தால் மட்டும் குறைப்பது. அப்போதும் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு, எங்கள் சொந்தத் தளத்தில் மட்டும். அந்த வாரத்திலிருந்து என் அறிக்கையில் RevPAR-க்குக் கீழே நான்காவதாக ஒரு வரி சேர்ந்தது: அறைச் செலவும் கமிஷனும் போக, இருக்கும் அறை ஒன்றுக்கு எவ்வளவு. நமது செவ்வாய்க் கணக்கில் அது மேனேஜர் வழியில் 77.88, அக்கா வழியில் 86.53. மேனேஜர் மட்டும் இன்னமும் முதல் வரியைத்தான் முதலில் பார்ப்பார்.