"தமிழில் வேண்டும்" என்று மட்டும் சொன்னால்: ஒரே வாக்கியம், நாலு தமிழ்

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: சாப்பிட்ட பின் மாத்திரை போட வேண்டும், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் கிளினிக்குக்கு வர வேண்டும். வேலைச் சீட்டில் மொழி என்ற இடத்தில் தமிழைக் குறிக்கும் `ta` மட்டும் இருந்தது. `ta-IN`, `ta-LK`, `ta-SG` என்று போட்டிருந்தால் நாடாவது தெரிந்திருக்கும். யார் படிக்கப் போகிறார்கள், தாளிலா குரலிலா என்பதற்கும் ஒரு குறிப்பும் இல்லை.

முதலில் கைக்கு வந்தது அறிவிப்புப் பலகைத் தமிழ்:

"உணவுக்குப் பின் மாத்திரையை உட்கொள்ளவும். இரண்டு நாட்களில் காய்ச்சல் குறையாவிடில் மருத்துவமனைக்கு வரவும்."

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. '‑வும்' என்று முடித்துவிட்டால் நீயா நீங்களா என்ற கேள்வியே எழாது. படிப்பவர் பத்து வயதோ எழுபது வயதோ, யாருக்கும் மரியாதை குறையாது. எந்த ஊர்க்காரரும் இதைத் தன் ஊர்த் தமிழ் இல்லை என்று ஒதுக்கவும் மாட்டார். ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காய்ச்சலில் கிடக்கும் ஒருவரிடம் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். மாத்திரை உறையில் இருந்தால் சரி. தொலைபேசியில் குரலாக ஒலித்தால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும்.

அடுத்தது தமிழ்நாட்டுப் பேச்சு: "சாப்பிட்ட அப்புறம் மாத்திரை போடுங்க. ரெண்டு நாள் ஆகியும் காய்ச்சல் குறையலைன்னா கிளினிக்குக்கு வாங்க." குரலுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. அதையே அச்சில் போட்டால், ஏதோ வாட்ஸ்அப் செய்தியை அப்படியே ஒட்டியது போலத் தோன்றும். மருத்துவக் குறிப்பை நம்பித்தானே செய்யப்போகிறார்கள், அங்கே அந்தத் தோற்றம் இடிக்கிறது.

மூன்றாவது யாழ்ப்பாணப் பேச்சு: "சாப்பிட்ட பிறகு குளிசையைப் போடுங்கோ. ரெண்டு நாளாகியும் காய்ச்சல் குறையேல்லை எண்டால் கிளினிக்குக்கு வாங்கோ." அந்த வாசகருக்கு இது வீட்டுக் குரல். இதே வரி சென்னையில் ஒருவர் கையில் போனால் 'குளிசை' நிற்கவைக்கும். 'போடுங்கோ', 'வாங்கோ' அவர் காதில் பிராமணப் பேச்சாக விழும். இலங்கை என்று தெரிந்தாலும் பேச்சு நடைக்கு அது போதாது. மட்டக்களப்புப் பேச்சு வேறு, மலையகப் பேச்சு வேறு.

நான்காவதுதான் நடுவழி: "சாப்பிட்ட பிறகு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாகியும் காய்ச்சல் குறையவில்லை என்றால் கிளினிக்குக்கு வாருங்கள்." இலக்கணம் எழுத்துத் தமிழ், சொற்கள் வீட்டில் புழங்குபவை. 'எடுத்துக்கொள்ளுங்கள்' கொஞ்சம் ஆங்கில வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'சாப்பிட்ட பிறகு சாப்பிடுங்கள்' தடுக்கி விழும். 'போடுங்கள்' அச்சில் பாதிப் பேச்சாக நிற்கும்.

மற்ற வேறுபாடுகளில் தவறினால் படிப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். கிளினிக் விஷயம் அப்படியில்லை. சிங்கப்பூரில் 'மருந்தகம்' என்றால் கிளினிக். அங்குள்ள அரசு பாலிகிளினிக்கின் தமிழ்ப் பெயரே பலதுறை மருந்தகம். தமிழ்நாட்டில் மருந்தகம் என்றால் மருந்துக்கடை. 2025இல் அரசு தொடங்கிய 'முதல்வர் மருந்தகம்' மலிவு விலையில் மருந்து விற்கும் கடைதான். பழைய வேலை ஒன்றில் சிங்கப்பூர்ச் சொல்பட்டியலைப் பார்த்து நான் 'மருந்தகத்துக்கு வாருங்கள்' என்று எழுதினேன். தாள் போகவிருந்ததோ மதுரைப் பக்கம். சரிபார்த்த அக்கா கூப்பிட்டு, "ஏம்ப்பா, காய்ச்சல் குறையலைன்னா இவங்க மெடிக்கல்லயா போய் நிக்கணும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து, ஊர் தெரியாத வாக்கியத்தில் நல்ல தமிழ்ச்சொல்லைவிட 'கிளினிக்' என்ற கடன்சொல்லையே நம்புகிறேன். முதல் வடிவில் இருக்கும் 'மருத்துவமனை'யும் இதே காரணத்தால் எனக்குப் பிடிக்கவில்லை: அது கிளினிக்கைப் பெரிய ஆஸ்பத்திரியாக்கிவிடுகிறது, இலங்கையில் அதற்கு வைத்தியசாலை என்பார்கள்.

கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் "எந்தத் தமிழ்?" என்று கேட்டால் "சாதாரணத் தமிழ்" என்றுதான் பதில் வரும். தாளா குரலா, எந்த நாட்டில், நோயாளிக்கா மருந்து கொடுப்பவருக்கா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை கோப்பைத் துருவலாம். தொலைபேசி எண் +94 என்றால் இலங்கை, +65 என்றால் சிங்கப்பூர். இந்த வேலையில் எண்ணே இல்லை.

அதனால் நடுவழியை அனுப்பி, கீழே எழுதினேன்: "நாடு தெரியவில்லை. பெரியவர்கள் படிக்கும் அச்சுத்தாள் என்று எடுத்துக்கொண்டேன். குரல் பதிவு என்றால் வினைச்சொற்கள் எல்லாம் மாறும். இலங்கை என்றால் மாத்திரை குளிசையாகலாம்." மறுநாள் பதில் வந்தது: வவுனியா, அச்சுத்தாள். 'மாத்திரை'யைக் குளிசையாக்கினேன், கிளினிக் அப்படியே இருந்தது, '‑ங்கோ'வைத் தொடவில்லை.