நாகர்கோவிலில் ஃபிளாட்: 13,000 வாடகையா, 34,713 தவணையா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் வாடகைப் பக்கம். எல்லா ஊருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தாது. நாகர்கோவிலில், வங்கிக் கடன் போட்டுப் புதிய ஃபிளாட் வாங்க நினைப்பவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு. குளச்சல், குலசேகரம் பக்கம் ஃபிளாட்டே அரிது. அங்கே இதே கேள்வி 5 சென்ட் மனையா, வாடகையா என்று மாறிவிடும், கணக்கும் வேறாகிவிடும்.

எடுத்துக்கொள்ளும் வீடு இது: இரண்டு படுக்கையறை, பத்திரத்தில் 1,000 சதுர அடி, கட்டி முடித்த புதிய ஃபிளாட், கார் நிறுத்துமிடத்தோடு 50 லட்சம். அதே கட்டடத்தில் அதே அளவு வீட்டுக்கு வாடகை 13,000. உங்களிடம் சொல்லப்பட்ட எண்கள் வேறு என்றால் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

வாங்குபவர் முதல் நாளில் கையிலிருந்து எடுக்க வேண்டியதைப் பார்ப்போம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வங்கி 80 சதவீதம்தான் தரும். ஆகவே 10 லட்சம் நம்முடையது. கடனுக்கான மதிப்பில் பத்திரச் செலவைச் சேர்க்க மாட்டார்கள், அதையும் நாமே கட்ட வேண்டும். புதிய ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம்: 3 லட்சம். மதிப்பு 50 லட்சத்தைத் தாண்டினால் 7 சதவீதம். பார்க்கிங்குக்குத் தனியாக ஒன்றரை லட்சம் என்று பத்திரத்தில் ஏற்றினால் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும், கவனியுங்கள். வக்கீல், வங்கிச் செலவு, பத்திரம் எழுதும் கூலி எல்லாம் சேர்த்து 50,000 என்று வைத்தால் மொத்தம் 13.5 லட்சம். கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் இந்த விலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது இன்னொரு 2.5 லட்சம். மாடுலர் கிச்சன், அலமாரி எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

கடன் 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை 34,713. முதல் மாதத் தவணையில் 28,333 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 6,380 மட்டுமே. பத்து ஆண்டு தவறாமல் கட்டினாலும் வங்கிக்கு இன்னும் 28 லட்சம் பாக்கி நிற்கும். 41.65 லட்சம் கட்டியதில் 29.65 லட்சம் வட்டி. "வாடகை கொடுத்தால் காசு போய்விடுகிறது" என்பார்கள். இங்கே வட்டியாகப் போவதும் திரும்பி வராத காசுதான், அதுவும் அதே பத்து ஆண்டு வாடகையைவிடப் பத்து லட்சம் அதிகம்.

அந்த வாடகையை எப்படிக் கணக்கிட்டோம்? ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று வைத்தால் பத்தாம் ஆண்டில் 20,167 ஆகும், பத்து ஆண்டுக்கும் சேர்த்து 19.6 லட்சம். மெயின்டனன்ஸ் இருவருக்கும் பொது, விட்டுவிடலாம். உரிமையாளருக்கு மட்டும் சொத்து வரி, பழுது, பெயின்ட் என்று மாதம் 2,000 சேர்ப்போம். முதல் ஆண்டில் வாங்கியவர் மாதம் சுமார் 36,700 கட்டுகிறார், வாடகைக்காரர் 13,000. வித்தியாசம் 23,700. வாடகை ஏற ஏற இது குறைந்து, பத்தாம் ஆண்டில் 16,500 ஆகிறது.

வாடகைக்காரர் அட்வான்ஸுக்கு 50,000 கொடுத்துவிட்டு மீதி 13 லட்சத்தையும், மாதாமாதம் மிஞ்சும் வித்தியாசத்தையும், வரி போக 6 சதவீதம் தரும் டெபாசிட்டில் போட்டால் பத்தாம் ஆண்டு முடிவில் கையில் 57.5 லட்சம் இருக்கும். மியூச்சுவல் ஃபண்ட் எதையும் நான் சேர்க்கவில்லை. இந்த 57.5 லட்சம் சும்மா வந்துவிடாது. வித்தியாசத்தை உண்மையிலேயே மாதாமாதம் ஒதுக்குபவருக்குத்தான் வரும். தவணை பிடித்தால்தான் சேமிப்பேன் என்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு ஃபிளாட் வாங்கலாம், அதில் தப்பில்லை.

இனி மறுவிற்பனை. முடிவைத் தீர்மானிப்பது இதுதான். வாங்கியவர் பத்து ஆண்டில் விற்று, 28 லட்சம் பாக்கியை அடைத்து, தரகும் கொடுத்து, அதே 57.5 லட்சத்தைக் கையில் பார்க்க வேண்டுமானால் ஃபிளாட் சுமார் 86 லட்சத்துக்குப் போக வேண்டும். லாபத்தின் மேல் 12.5 சதவீத வரியை இதில் சேர்க்கவில்லை. வேறு வீடு வாங்கினால் அதைத் தவிர்க்க வழி உண்டு. பத்து வயதான ஃபிளாட் சதுர அடி 8,600க்குப் போகுமா?

அதற்கு 50 லட்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபிளாட்டில் விலை ஏறுவது மண், தேய்வது கட்டடம். 12 சென்ட் மனையில் 12 ஃபிளாட் என்றால் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யூடிஎஸ், ஆளுக்கு ஒரு சென்ட், 435.6 சதுர அடி. அந்த இடத்தில் சென்ட் 12 லட்சம் என்று வைப்போம். கட்டுமானம் சதுர அடி 2,500 வீதம் 25 லட்சம். மீதி 13 லட்சம் பில்டரின் லாபம், விளம்பரம், புதுவீட்டுக்கான கூடுதல் விலை.

மண் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் பத்து ஆண்டில் 12 லட்சம் 26 லட்சமாகும். கட்டுமானச் செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் அதே கட்டடத்தைப் புதிதாகக் கட்ட 40.7 லட்சம். பத்து ஆண்டுத் தேய்மானம் 20 சதவீதம் கழித்தால் சுமார் 32.5 லட்சம். இரண்டும் சேர்ந்து 58.5 லட்சம். பில்டரின் 13 லட்சத்தையும் அடுத்து வாங்குபவர் அப்படியே கொடுப்பார் என்று தாராளமாக வைத்தாலும் 71.5 லட்சம். 86 லட்சத்துக்கு இன்னும் 14.5 லட்சம் துண்டு விழுகிறது. பத்து ஆண்டு கழித்து சென்ட் விலை என்ன என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் இந்தத் துண்டை ஒரே ஒரு சென்ட் நிரப்ப வேண்டுமானால் அது 12 லட்சத்திலிருந்து 40.5 லட்சத்துக்கு ஏற வேண்டும்.

போதாக்குறைக்கு நம்ம ஊர் மனசு. 70 லட்சம் கையில் வைத்திருப்பவர் இங்கே பார்வதிபுரமோ ஆசாரிபள்ளமோ தாண்டி ஐந்து சென்ட், கிணறு, வாசலில் ஒரு தென்னை என்றுதான் தேடுவார். அவர் போக மிஞ்சும் ஆட்களிடம்தான் பழைய ஃபிளாட்டை விற்க வேண்டும்.

யூடிஎஸ்ஸை வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள். tnreginet.gov.in தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள். இதுவரை விற்ற ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் எழுதிக்கொடுத்த பங்கு அதில் வரும். கூட்டுங்கள். மொத்தம் மனையின் பரப்பைத் தாண்டினால், அல்லது பாதி ஃபிளாட் விற்பதற்குள்ளேயே முக்கால் மனை தீர்ந்திருந்தால், கடைசியாக வாங்குபவருக்கு மண் குறைவு. இன்னொரு தந்திரம், ஒரு பகுதி மனையை பில்டர் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு பிறகு மேல்மாடி எழுப்புவது. எல்லாப் பங்கும் சேர்ந்து முழு மனை ஆகிறதா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

வருமான வரிச் சலுகை பற்றிச் சுருக்கமாக: புதிய வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை உண்டு. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அது 62,400 மிச்சம். ஆனால் அதே பழைய முறையில், சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி வாங்கும் வாடகைக்காரருக்கும் கழிவு உண்டு, இரண்டையும் எதிரெதிரே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வாடகையின் தொல்லைகள் தெரிந்தவைதான்: ஓனர் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், காலி பண்ணுங்கள் என்பது, ஆணி அடிக்கக் கூடாது என்பது. 2017ஆம் ஆண்டு தமிழக வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். மூன்று ஆண்டு என்று எழுதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வாங்கினால் இந்தத் தொல்லையில் பாதி தீரும்.

நம்ம பக்கம் ஒத்தியும் உண்டே. 10 லட்சம் ஒத்திக்குக் கொடுத்தால் நாம் இழப்பது மாதம் 5,000 வட்டி மட்டும், 13,000 வாடகையைவிடச் சுளையாக லாபம். அதனால்தான் பயமும் கூட. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து ஓனர் கட்டாவிட்டால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. வெறும் தாளில் எழுதிய ஒத்தி வில்லங்கத்திலும் வராது. உங்களுக்கு முன்னால் இன்னொருவர் அதே வீட்டுக்கு ஒத்தி கொடுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பத்திரப்பதிவுக்கு ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கு எங்கே திரும்பும்? கடனே இல்லாமல் முழுப் பணமும் கையிலிருப்பவருக்கு, உதாரணமாக வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவருக்கு. அவர் 8.5 சதவீத வட்டி கட்டவில்லை, இழப்பது 6 சதவீத டெபாசிட் வட்டியைத்தான். அவருக்கு ஃபிளாட் 73 லட்சத்துக்குப் போனாலே சமம். நாம் தாராளமாகப் போட்ட 71.5 லட்சத்துக்கு அது பக்கம். அவர் நிம்மதிக்காக வாங்கினால் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன்.

கடன் போட்டேயாக வேண்டும், ஃபிளாட்தான் வேண்டும் என்றால் ஏழெட்டு வயதான ஃபிளாட்டை 40 லட்சம் அளவில் தேடுங்கள். பத்திரச் செலவு 9 சதவீதம், 3.6 லட்சம், அது அதிகம்தான். ஆனால் பில்டரின் லாபத்தை முதல் ஓனர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். மண்ணின் பங்கு விலையில் கூடுதலாக இருக்கும். வாடகை 13,000 அதே மாதிரிதான் வரும். பார்க்கப் போவதைக் கோடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு இரண்டு பருவமழை. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்த மறுநாள் போய், மேல்மாடி வீட்டின் கூரை மூலைகளையும், பால்கனிக்கு அடியிலுள்ள சிமென்ட்டையும் பாருங்கள். கம்பி ஓடும் வழியில் நேர்கோடாக விரிசல், அதில் செம்பழுப்புக் கறை இருந்தால் உள்ளே துருப்பிடித்துவிட்டது. பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் சாவியால் தட்டினால் உள்ளே பொள்ளென்று கேட்கும். பிறகு சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். லிஃப்ட்டும் மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங்கும் வரும் ஆண்டுகளில் வைக்கப்போகும் செலவுக்கு அதில் பணம் இல்லை என்றால், உங்கள் பங்கை விலையில் கழித்துக் கேளுங்கள்.