ஷி, ஜி, சி: வெளிநாட்டுப் பெயரைச் செய்தியில் எப்படி எழுதுவது?

சீன அதிபரின் பெயரை ஷி ஜின்பிங் என்றும் எழுதுகிறார்கள், ஜி ஜின்பிங் என்றும் எழுதுகிறார்கள், ஷ, ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்தே கூடாது என்பவர்கள் சி சின்பிங் என்கிறார்கள். ஒலியை மட்டும் பார்த்தால் ஷி தான் நெருக்கம். ஜி என்று எழுதினால் ஒலியும் தள்ளிப் போகிறது, ‘ஜி20 மாநாட்டில் ஜி’ என்று தலைப்பு வைக்கும்போது படிப்பவர் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டியும் வருகிறது. மூன்றாவது வடிவத்தை அப்படியே தள்ளிவிட முடியாது, ஏனென்றால் ஜின்பிங்கின் முதல் ஒலி சீன மொழியில் நம் ஜ போல அதிராது, வல்லின ச-வுக்குத்தான் கிட்டே இருக்கிறது. ஆனால் சொல்லின் தொடக்கத்தில் வரும் ச-வை இன்று பெரும்பாலோர் ஸ போலவே வாசிப்பதால் ‘ஸி ஸின்பிங்’ ஆகிவிடும், இரண்டு வேறு ஒலிகளும் ஒன்றாகிவிடும்.

ச இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும் எழுத்து. பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பசியில் ஒன்று. ஏஞ்சலினா ஜோலி என்ற பெயரைப் பாருங்கள், ஞ்-க்குப் பின்னால் வரும் ச தானாகவே ஜ போல ஒலிப்பதால் முதல் பாதிக்குக் கிரந்தம் தேவையே இல்லை, ‘ஏஞ்ஜலினா’ என்று எழுதுவது வீண். ஜோலிக்கு அந்த வசதி கிடையாது, சோலி என்று எழுதினால் வேறு நினைப்பு வரும்!

ஹ-வும் இதே கதைதான். நடுவில் வந்தால் மோகன், அகமது என்று க-வே அழகாகச் சமாளிக்கிறது. முதலில் வந்தால் ஹ-வை விட்டுவிட்டு உயிரெழுத்தை மட்டும் எழுதுவது பழைய வழி, இட்லர் அப்படித்தான் வந்தார். ஆனால் ஹாங்காங்கை ஆங்காங் என்று எழுதி, ‘ஆங்காங் போராட்டம்’ என்று தலைப்பிட்டால் பாதிப் பேர் ‘ஆங்காங்கே’ என்று படித்துவிடுவார்கள். அதனால் கிரந்தம் தவிர்ப்பவர்களின் விதி நடுவெழுத்தில் நன்றாக நிற்கிறது, முதலெழுத்தில் தடுமாறுகிறது என்பது என் கணிப்பு.

சொல் ஸ்-இல் முடியும்போதோ தொடங்கும்போதோ இரு தரப்புக்கும் சிக்கல். கிரந்தம் தவிர்த்தால் உகரம் சேர்த்துப் பாரிசு, முன்னால் இகரம் சேர்த்து இசுடாலின். சோவியத் தலைவர் ஸ்டாலின் 1953 மார்ச் 5 அன்று இறந்தார், மு.க. ஸ்டாலின் அதற்கு நான்கு நாள் முன்பு மார்ச் 1 அன்று பிறந்து அவர் பெயரையே பெற்றார். தமிழ்நாட்டில் இருப்பவர் தன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுகிறாரோ அதை மாற்றும் உரிமை செய்தியாளருக்கு இல்லை. அவரை ஸ்டாலின் என்றும் மற்றவரை இசுடாலின் என்றும் எழுதினால், இருவருக்கும் ஒரே பெயர் என்று சொல்லவே இரண்டு வரி கூடுதலாக வேண்டும்.

கிரந்தம் எழுதுபவர்கள் விகுதியோ வேற்றுமை உருபோ சேரும்போது சறுக்குகிறார்கள். போலீஸ் என்று எழுதும் கை போலீசார் என்று ச-வுக்குத் தாவுகிறது. அதே பழக்கத்தில் பாரிஸ், பாரிசில் என்றும், ஹமாஸ், ஹமாசின் என்றும் ஒரே செய்தியில் வந்துவிடுகிறது. போலீசார் நிலைத்துவிட்ட பொதுச்சொல், அதை விட்டுவிடலாம். வெளிநாட்டுப் பெயருக்குப் பாரிஸில், ஹமாஸின் என்று கடைசிவரை ஸ-வோடு போவதே நல்லது. பாரிசு என்று எழுதுபவருக்குப் பாரிசில், பாரிசை எல்லாம் இயல்பாக வந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும், இலக்கணப்படி அவர்கள் பக்கம்தான் சுத்தம்.

அப்புறம் தேடல். பழைய செய்திகளில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடலில் ‘பாரிஸ்’ என்று போட்டால் ‘பாரிஸில்’ என்ற சொல்கூட அகப்படாது, புள்ளி குறுக்கே நிற்கும்; ‘பாரிஸ’ என்று புள்ளியில்லாமல் தேட வேண்டும். ஸ்ரீ இன்னும் மோசம். யூனிகோடில் 2005-இல் ஶ தனியாகச் சேர்ந்த பிறகு ஸ்ரீ, ஶ்ரீ என்று இரண்டு குறியீட்டுத் தொடர்கள் ஆகிவிட்டன, பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி தெரியும். ஸ்ரீலங்கா என்று தேடி, கண்முன்னே இருக்கும் செய்தி வரவில்லை என்றால் அந்தச் சொல்லை அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டித் தேடிப் பாருங்கள். வந்துவிட்டால் குறியீடுதான் வேறு.

என் ஓட்டு கலப்பு வழிக்கு: ஆள் பெயரில் ஷ, ஜ, ஸ, முதலெழுத்து ஹ இருக்கட்டும், க-வும் ச-வும் தானாக அந்த ஒலியைத் தரும் இடத்தில் கிரந்தம் வேண்டாம், தமிழில் ஏற்கெனவே ஊறிய அகமதுகளைத் தொட வேண்டாம். இதில் ரஷ்யாவா உருசியாவா போன்ற இழுபறிகள் விதியால் தீராது, பெயர்ப்பட்டியலில் ஒன்றை எழுதி வைத்துவிட வேண்டியதுதான். அந்தப் பட்டியலில் ‘ஹமாஸ்’ என்று மட்டும் போட்டு நிறுத்தாமல் பக்கத்திலேயே ஹமாஸை, ஹமாஸுக்கு, ஹமாஸின் என்றும் எழுதிவிட்டால் மெய்ப்பு பார்ப்பவருக்கு ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் மிச்சம்.