கார் கூரைக்கு இரும்புக் கேரியரா, கிராஸ் பாரா?

ஏழு பேர் உட்காரும் காரில் மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் இரண்டு பெட்டிக்கு மேல் இடம் இருக்காது. மிச்ச லக்கேஜ் கூரைக்குத்தான் போக வேண்டும். அதற்குக் கடைகளில் இரண்டு வழி கிடைக்கிறது. ஒன்று, சுற்றிலும் விளிம்பு வைத்துப் பற்றவைத்த இரும்புக் கேரியர். இன்னொன்று, குறுக்கே இரண்டே கம்பிகள் (கிராஸ் பார்). அதன்மேல் தண்ணீர் புகாத துணிப் பையை வைத்து பெல்ட்டால் கட்டிக்கொள்வது. வருடத்துக்கு நாலைந்து முறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி. நான் வாங்கியதும் அதுதான்.

விலையில் கேரியர் மலிவு, பார்வைக்கும் கம்பீரம். கார் ஓடும்போது சத்தம் போடுவதிலும் அதுதான் முதலிடம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. முடிவைத் தீர்மானிப்பது எடை. அதிலும், கேரியரின் சொந்த எடை.

காரோடு வரும் கையேட்டைப் புரட்டினால் கூரையில் அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாம் என்று ஓர் எண் இருக்கும். பல கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோவுக்குள்தான். அந்த எண்ணில் கேரியரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வரம்பு 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழுநீள இரும்புக் கேரியர் 22 கிலோ இருந்தால், லக்கேஜுக்கு மிஞ்சுவது 53. அலுமினியக் கம்பி ஜோடி 5 கிலோ, பை 3 கிலோ என்றால் 67 மிஞ்சும். வரம்பு 50 கிலோவாக இருக்கும் காரில் இதே கணக்கு 28-க்கும் 42-க்கும் உள்ள வித்தியாசமாகிவிடும். வாங்கும் முன் கேரியரைக் கடைக்காரரின் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லும் எடையை நம்ப வேண்டாம்.

இதோடு கணக்கு முடியவில்லை. வண்டி மொத்தமாகத் தாங்கும் எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. கையேட்டில் காலி வண்டியின் எடை 1,200 கிலோ, மொத்த எடை வரம்பு 1,750 கிலோ என்று இருந்தால், ஆட்களுக்கும் சாமானுக்கும் சேர்த்து 550 கிலோ. ஐந்து பெரியவர்களை ஆளுக்கு 70 என்று போட்டால் 350. இரண்டு பிள்ளைகள் 60. ஆக 410 போய் மீதி 140. இதில் இரும்புக் கேரியர் 22-ஐ எடுத்துக்கொண்டால், டிக்கி, கூரை இரண்டுக்கும் சேர்த்து 118 கிலோதான். கம்பியும் பையும் என்றால் 132. ஏழு பேருமே பெரியவர்கள் என்றால் 490 போய் மிஞ்சுவது 60. அப்போது கேரியரோடு 38 கிலோதான் ஏற்றலாம். ஆளுக்கு ஐந்தரைக் கிலோ கூட வராது. ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் ஏறும் என்பதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கம்பிகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம் என்பது அடுத்த சாதகம். முழுக் கேரியரை மாட்டியவர்கள் அநேகமாகக் கழற்றுவதே இல்லை. அதன் கால்களுக்கு அடியில் இருக்கும் ரப்பருக்கும் பெயின்டுக்கும் நடுவே மண் புகுந்து உரசும். மழைத்தண்ணீர் தேங்கும். ஒருநாள் கழற்றிப் பார்த்தால் கால் இருந்த இடத்தில் வட்டமாகத் துரு.

எதை மாட்டுவதானாலும், எங்கே மாட்டுகிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய அம்பாசிடர், ஆம்னி போன்றவற்றில் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் விளிம்பு உண்டு. கேரியர் அதைக் கவ்விப் பிடிக்கும். இப்போதைய பல கார்களில் அது கிடையாது. கூரையில் நீளவாக்கில் தெரியும் ரெயில் சில மாடல்களில் வெறும் அலங்காரப் பிளாஸ்டிக். அதில் கம்பியை மாட்டி எடை ஏற்றினால் ஒரு பலமான பிரேக்கில் ரெயிலோடு சேர்ந்து பெயர்ந்து வரும். ரெயில் எடை தாங்குமா என்று கையேடு சொல்லும். சொல்லவில்லை என்றால், கதவுச் சட்டத்தைப் பிடிக்கும் வகைக் கால்களாக, அந்த மாடலுக்கே செய்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

கட்டும் விஷயத்தில் கேரியருக்கு ஒரு நிஜமான பலம் உண்டு. அதன் முன் விளிம்பு, பிரேக் போடும்போது சாமான் முன்னால் சரியாமல் தடுக்கிறது. கம்பியில் அந்தத் தடுப்பு இல்லை. 50 கிலோ பை, அவசர பிரேக்கில் கிட்டத்தட்ட 40 கிலோ விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். அதனால் குறுக்கே இரண்டு பெல்ட் போட்டால் மட்டும் போதாது. நீளவாக்கில் முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கவும் இரண்டு வேண்டும். நைலான் கயிறு இழுபடும், முடிச்சும் நழுவும். ராட்செட் பெல்ட்தான் உத்தமம். அதையும் கம்பி வளையும் அளவுக்கு முறுக்கக் கூடாது. பெல்ட் காற்றில் அதிர்ந்து ரீங்காரம் போட்டால், ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டினால் அடங்கிவிடும். பெல்ட்டைக் கதவு வழியாக உள்ளே விட்டுக் கட்டினால் மழையில் அதன் வழியே தண்ணீர் இறங்கும். கிளம்பி 15 - 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். பைக்குள் துணி அமுங்கி, பெல்ட் நிச்சயம் தளர்ந்திருக்கும்.

பாரமானது டிக்கியின் அடியில், பின் சீட்டை ஒட்டி. தலையணை, போர்வை, துணிமணி போன்றவை கூரைக்கு. 25 கிலோ அரிசி மூட்டையைக் கூரையில் போட்டால் வளைவில் வண்டி சாய்வதை ஸ்டீயரிங்கிலேயே உணரலாம். வேகம் 60-லிருந்து 100 ஆனால் காற்றின் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். டயர் காற்றையும் ஓட்டுநர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் முழு பாரத்துக்கு எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

நீளமான சாமானுக்கும் கம்பிதான் வசதி, கேரியரின் விளிம்பு இடையூறு செய்யாது. 10 அடி பிவிசி பைப் சுமார் 3 மீட்டர். 4.4 மீட்டர் காரில் முன்னும் பின்னும் பம்பரைத் தாண்டாமல் வைத்துவிடலாம். முன் முனையை இழுவைக் கொக்கியோடு கட்டாவிட்டால் காற்று அதைத் தூக்கும். 20 அடி பைப் வண்டியைவிட நீளம். வாலில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் சரி என்று நினைக்க வேண்டாம். அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு பக்கத்திலோ முன்னிலோ பின்னிலோ நீட்டிக்கொண்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1A) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்தில் சேர்ந்தது இது. கடையிலேயே பாதியாக அறுத்து வாங்கி, வீட்டில் ஒரு கப்ளிங் போட்டு இணைத்தால் ஆகும் செலவு அற்பம்.

கேரியர் யாருக்கு? தினமும் லக்கேஜோடு ஓடும் வாடகை வண்டிக்கு, சபரிமலை சீசனில் வாரம் ஒரு டிரிப் அடிப்பவருக்கு. பத்து பேரின் பத்து வகை மூட்டையை விளிம்புக்குள் போட்டு வலையை இழுத்துவிடும் வேகம் கம்பியில் வராது. துணிப் பையின் தையல் அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். அவர்களும் மாதம் ஒருமுறை போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும். மேடுபள்ளத்தில் கடகட என்று புதிதாகச் சத்தம் கேட்டால் அன்றைக்கே.

உயரத்தையும் அளந்து, எண்ணை டேஷ்போர்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 1.69 மீட்டர் கார், கேரியர் 15 சென்டிமீட்டர், மேலே மூட்டை 40 என்றால் மொத்தம் 2.24 மீட்டர். 2.1 என்று பலகை தொங்கும் அடித்தள பார்க்கிங்குக்குள் அந்த வண்டி போகாது.