பேர் ஓட்டம் ஃபோன்லயா, கெடன்லைவ்லயா?

மல்லாவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டி வீடியோவுக்கு கடைசியில ஓடுற பேர்வரிசைய ரெண்டு விதமாச் செய்து பாத்தன், ஒண்டு ஃபோன்ல கேப்கட், மற்றது கம்ப்யூட்டர்ல கெடன்லைவ்.

முதல் சிக்கலே பேர் லிஸ்ட்தான். ஒஃபிஸ்ல பாமினியில அடிச்சுத் தந்தவை, அதை ஃபோன்ல பேஸ்ட் பண்ணினா அம்மா எண்ட சொல்லு `mk;kh` எண்டு வரும். யூனிகோட்டுக்கு மாத்தித்தான் போடோணும், மாத்தினாப் பிறகு ஒவ்வொரு பேரையும் ஒரிஜினலோட வச்சுப் பாக்கோணும். கெடன்லைவ்ல பாமினி ஃபொன்ட் கம்ப்யூட்டர்ல இருந்தாக் காணும், அப்பிடியே போட்டு ஃபொன்ட்டத் தெரிஞ்சா சரி.

அடுத்தது வேகம், இதிலதான் எனக்கு கெடன்லைவ் பிடிச்சது. எங்களிட்ட 84 வரி, ஒரு வரிக்கு 60 பிக்சல் வச்சா 5040. ஸ்கிரீனுக்கு வெளியில கீழ இருந்து வந்து மேல முழுசாப் போறதுக்கு ஸ்கிரீன்ர உயரம் 1080ஐயும் கூட்டோணும், மொத்தம் 6120. ஃபோன்ல எடுத்த வீடியோ செக்கனுக்கு 30 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு சரியா 4 பிக்சல் நகர்ந்தா 1530 ஃபிரேம், அதாவது 51 செக்கன். டைட்டில் கிளிப்ல அனிமேஷன் டாப்புக்குப் போய் ஸ்டார்ட் வியூபோர்ட்ட எழுத்துக்கு மேல வெறும் இடத்தில, எண்ட் வியூபோர்ட்ட கடைசி வரிக்குக் கீழ வச்சு, கிளிப் நீளத்த 51 செக்கன் ஆக்கினாச் சரி. ஒரு பேர் 9 செக்கன் ஸ்கிரீன்ல நிக்கும், பெடியளின்ர அம்மா அப்பா ஆறுதலாத் தேடிப் பாக்கலாம்.

பாட்டு 40 செக்கன்தான் எண்டு அதுக்குள்ள அமத்தினா ஃபிரேமுக்கு 5.1 பிக்சல் ஆகும், முழு எண் இல்லாததால எழுத்து துடிக்கும். 'ட'வின்ர அடிக்கோட்டப் பாத்தாத் தெரியும், மினுங்கி மினுங்கிப் போகும். அப்ப பாட்ட நீட்டுங்கோ, இல்லாட்டி வரிய நெருக்குங்கோ, வேகத்தத் தொடாதேங்கோ. ஃபோன்ல கீஃபிரேம் ரெண்டு போட்டு விரலால இழுக்கேக்க இந்தக் கணக்கு கைக்குள்ள நிக்காது, நான் மூண்டு தரம் இழுத்தும் துடிப்புப் போகேல்ல.

மெல்லிசான எழுத்து ரெண்டிலயும் வேண்டாம். ஓடேக்க முதல்ல காணாமப் போறது புள்ளிதான், கந்தன் 'கநதன' ஆயிடும். தடிச்ச எழுத்து, சுத்த வெள்ளையில்லாம கொஞ்சம் சாம்பல், ஓரத்தில நூறு பிக்சல் இடைவெளி. வட்ஸப்ல அனுப்பேக்க இன்னும் மங்கும், அதால வட்ஸப்புக்கு மட்டும் எண்டா ஓட்டமே வேண்டாம், பக்கத்துக்கு எட்டுப் பேர் வீதம் நிக்கிற கார்ட்டா ஃபோன்லயே செய்யலாம், அதுக்கு கேப்கட் நல்லாக் காணும்.

முடிவுக் கார்ட்ட ஓட்டத்தோட ஒட்டாதேங்கோ. கடைசிப் பேர் மேல போனதும் ஒரு செக்கன் கறுப்பு, பிறகு பள்ளிக்கூட இலச்சினை, ஊர், ஆண்டு மட்டும் தனிக் கிளிப்பா 6 செக்கன், பாட்டு அந்த 6 செக்கனுக்குள்ள இறங்கி அடங்கோணும். வெளிநாட்டில இருந்து காசு அனுப்பின பழைய மாணவரின்ர பேர அந்தக் கார்ட்டில திணிச்சா இலச்சினை சின்னனாப் போகும், அவைக்கு ஓட்டத்தில முதல் இடம் குடுங்கோ.