லீவில் போனவரின் ஓட்டோ ரிப்ளையால் எனக்கு நாலு நாள் டெமரேஜ்

புறக்கோட்டையில் பாத்ரூம் சாமான் கடை வைத்திருக்கிறேன். கப்பல் வேலைகளைப் பார்ப்பது கோட்டையில் உள்ள ஒரு ஃபோர்வேர்டிங் கம்பெனி. பெயர் வேண்டாம். எங்கள் கோப்பைப் பார்த்த பிள்ளை பிரசவ லீவில் போனது எனக்குத் தெரியாது.

கொன்டெய்னர் வந்து இறங்கியது ஞாயிறு. கட்டணமில்லாமல் வைத்திருக்கக்கூடிய ஃப்ரீ டேஸ் ஏழு, தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் கட்ட வேண்டும். திங்கள் காலையில், கொன்டெய்னரை எடுக்கத் தேவையான டெலிவரி ஓடர் கேட்டு மெயில் போட்டேன். உடனே பதில்: "நான் விடுமுறையில் இருக்கிறேன். திரும்பியதும் பதிலளிப்பேன்." எப்போது திரும்புவார், அதுவரை யார் பார்ப்பார், ஒன்றும் இல்லை. மேசை நம்பருக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. வியாழன் மறுபடி மெயில். அடுத்த திங்கள் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் ஓட்டோ ரிப்ளைகூட வரவில்லை. சரி, ஆள் வந்துவிட்டார், பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதுதான் என் பிழை.

செவ்வாய் நேரில் போனேன். அங்கிருந்த இன்னொரு பிள்ளை, "ஓட்டோ ரிப்ளையில எல்லாம் போட்டிருக்கே அண்ணா" என்று தன் கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான். அவருக்கு வந்த பதிலில் திரும்பும் தேதி, பொறுப்பெடுத்தவரின் பெயர், எக்ஸ்டென்ஷன் எல்லாம் இருந்தன. என் ஃபோனைக் காட்டினேன். ஒற்றை வரி.

விஷயம் இதுதான். அவுட்லுக்கில் ஓட்டோ ரிப்ளைக்கு இரண்டு பெட்டி உண்டு: Inside My Organization, Outside My Organization. விவரத்தையெல்லாம் முதல் பெட்டியில் எழுதிவிட்டு, எங்களைப் போன்ற வெளி ஆட்களுக்கான பெட்டியில் ஒரு வரியோடு முடித்திருக்கிறார். (அதில் My Contacts only என்றும் ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் புதுக் கஸ்டமருக்கு அந்த ஒரு வரியும் போகாது.) அப்புறம், லீவு முடியும்வரை ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான் பதில் போகும். என் இரண்டாவது, மூன்றாவது மெயிலுக்கு வந்த மௌனத்தின் காரணம் அதுதான். அந்த முதல் பதிலில் இல்லாதது பிறகு வரவே வராது.

வெளிப் பெட்டியில் இருந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"இன்ன தேதிவரை விடுமுறையில் இருக்கிறேன். இந்த மெயிலை நான் பார்க்க மாட்டேன், வேறு யாருக்கும் தானாகப் போகாது. டெலிவரி ஓடர், பில் விஷயங்களுக்கு இன்னாரை இந்த நம்பரில் அழைக்கவும். இறக்குமதிப் பிரிவின் பொது மெயிலுக்கு, பி.எல். நம்பரோடு, மறுபடி அனுப்பவும்."

பொது மெயில் ஏன் என்றால், 84 நாள் லீவில் பொறுப்பெடுத்த ஆளும் ஒரு நாள் லீவு போடுவார். எழுதி முடித்ததும் சொந்த ஜிமெயிலில் இருந்து ஒன்று அனுப்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

கொன்டெய்னர் புதன்தான் வெளியே வந்தது. நாலு நாள் டெமரேஜ் என் தலையில். "பதில் போயிருக்கே" என்கிறார் மனேஜர். நேற்று மனைவியின் மெயிலில் இருந்து அனுப்பிப் பார்த்தேன். இன்னும் அதே ஒற்றை வரி.