மண்டபத்து விசேஷத்துக்கு 300 முட்டை: ஆறு வருடமாக நான் அவிக்கும் முறை

விசேஷங்களுக்கு மொத்தமாக முட்டை அவித்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. கடந்த ஆறு வருடமாக ஒரே முறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: அகலமான அண்டா, 50 முட்டை பிடிக்கிற கம்பிக் கூடைகள், பக்கத்திலேயே ஐஸ் தண்ணீர் நிறைந்த இரண்டு டப். இதற்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அதற்கு முன்னால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 240 முட்டையை ஒரே அண்டாவில் அடுக்கி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதிக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நெருக்கமாக அடுக்கிய முட்டைகளுக்கு இடையில் தண்ணீர் சரியாகச் சுற்றி வராது. அதனால் அடியில் இருந்தவை தீக்குப் பக்கத்தில் முதலிலேயே வெந்துகொண்டிருந்தன, மேலே இருந்தவைக்குச் சூடு பிறகுதான் போனது. கொதி வந்து பத்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்தேன். தண்ணீரை வடிக்க ஆள் வரும் வரை அண்டா மூடியோடு அப்படியே இருந்தது. உரித்து வெட்டிப் பார்த்தால் அடியில் இருந்த முட்டைகளில் மஞ்சள் கருவைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு வளையம். வெள்ளைக் கரு ரப்பர் மாதிரி இழுத்தது, மஞ்சள் மாவாக உதிர்ந்தது, அதோடு அந்த கந்தக வாடை. வெட்டிய பாதிகளைத் தட்டில் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பச்சை அழுக்கும் இல்லை, கெட்டுப்போனதும் இல்லை. சூடு அதிக நேரம் நின்றால் வெள்ளைக் கருவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது மஞ்சள் கருவில் இருக்கும் இரும்போடு சேர்ந்து அந்த வளையம் உண்டாகிறது. சாப்பிட்டால் கெடுதல் இல்லைதான், ஆனால் முட்டை வேக வேண்டியதைத் தாண்டிப் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மஞ்சள் கரு கெட்டியாவதற்கு உள்ளே 70 டிகிரி சொச்சம் போதும். வெளியே 100 டிகிரித் தண்ணீரில் கிடந்த முட்டையை எடுத்து வைத்தாலும், ஓட்டுப் பக்கத்துச் சூடு உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். நாலு முட்டை என்றால் குழாயடியில் காட்டி ஆற்றிவிடலாம். 240 முட்டை ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டு கிடந்தால் அடுப்பை அணைத்த பிறகும் வேகும். அன்றைக்கு என் முட்டைகள் பாழானதில் பாதி, அடுப்பை அணைத்த பிறகு நடந்தது.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். 40 லிட்டர் அண்டாவில் 30 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுகிறேன். குளிர்ப் பெட்டியில் இருந்த முட்டை என்றால் முன்கூட்டியே வெளியே எடுத்து, சில்லிப்பு போகட்டும் என்று வைத்துவிடுவேன். 50 முட்டைக் கூடையை மெதுவாக இறக்கினால், இவ்வளவு தண்ணீரில் சூடு ஐந்தாறு டிகிரிதான் இறங்கும். பெரிய பர்னராக இருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் மறுபடி கொதி வந்துவிடும். இதே 50 முட்டையை 8 லிட்டர் தண்ணீரில் போட்டால் சூடு 80 டிகிரி பக்கம் இறங்கிவிடும். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. தண்ணீரை நிறைய வைப்பதே, ஒவ்வொரு கூடைக்கும் ஒரே நேரக் கணக்கு பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான்.

நடுத்தர அளவு முட்டைக்கு, கூடை தண்ணீரில் இறங்கியதிலிருந்து 11 நிமிடம். ஆறு நிமிடத்துக்கு ஒரு கூடை இறக்குகிறேன். முதல் கூடை 11-வது நிமிடம் வெளியே வரும், 12-ல் மூன்றாவது கூடை உள்ளே போகும். அண்டாவில் எப்போதும் இரண்டு கூடைக்கு மேல் இருக்காது. இப்படி ஆறு கூடை, 300 முட்டை, 41-வது நிமிடத்தில் முடிந்துவிடும். கூடையில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு, இறக்கிய நேரத்தைச் சுவரில் எழுதிவிடுவேன். விசேஷ வீட்டுச் சத்தத்தில் மனக்கணக்கு நிற்காது.

முதல் கூடையில் மட்டும் பத்தரை நிமிடத்தில் நடுவிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உடனே குறுக்கே வெட்டுவேன். மஞ்சள் கருவின் ஓரம் வெளுத்துக் கெட்டியாக இருந்து, நட்ட நடுவில் கடுகளவுக்கு மட்டும் ஈரமாக, கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் இருந்தால் சரி. 11-ல் தூக்கினால் மீதிச் சூட்டில் அதுவும் இறுகிவிடும். ஈரம் பட்டாணி அளவுக்குத் தெரிந்தால் அன்றைக்கு எல்லாக் கூடைக்கும் ஒரு நிமிடம் கூட்டுவேன். பெரிய முட்டை வந்தாலும், மலைப்பகுதி மண்டபமாக இருந்தாலும் இந்தச் சோதனை முட்டைதான் நேரத்தை முடிவு செய்யும். உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அதனால் வேக நேரம் கூடும்.

ஆற வைப்பதைத்தான் ஆரம்பத்தில் நான் குறைவாக எடைபோட்டேன். முதல் வருடம் ஐஸ் இல்லாமல் டப்பில் வெறும் தண்ணீர் வைத்திருந்தேன். மூன்றாவது கூடையை இறக்கிய கொஞ்ச நேரத்தில் உதவிக்கு வந்த பையன் கையை விட்டுப் பார்த்து, "அண்ணே, இந்தத் தண்ணியும் சுட்டுருச்சு" என்றான். அவன் சொன்னது சரி. வெதுவெதுப்பான தண்ணீரில் கிடக்கிற முட்டை ஆறுவதே இல்லை. சூட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, 50 முட்டையை நன்றாக ஆற்ற 2 கிலோ ஐஸ் வேண்டும் என்று வந்தது. 300 முட்டைக்கு 12 கிலோ. அன்றிலிருந்து ஐஸ் வந்து சேராமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. இரண்டு டப்பையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் ஒவ்வொரு கூடைக்கும் 12 நிமிடம் கிடைக்கிறது. டப்பில் ஐஸ் கட்டி மிதப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுவே எனக்கு அளவு. குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்றுவேன், ஏனென்றால் ஆறும்போது முட்டை ஓட்டு வழியாகத் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும்.

இந்த முறையில் சிரமமும் உண்டு. தண்ணீர் சொட்டும் கூடையை ஆவிக்கு நடுவிலிருந்து தூக்க வேண்டும். நீளமான கொக்கியும் முழங்கை வரை உறையும் இல்லாமல் யாரையும் தூக்க விடமாட்டேன். கூடையை வேகமாக இறக்கினால் முட்டைகள் மோதி விரிசல் விடும், கூடைக்கு இரண்டு மூன்று போய்விடும். மெதுவாக இறக்கினாலும் ஒன்றிரண்டு போவதுண்டு, அதனால் 300 கேட்டால் 312 போடுகிறேன்.

உரிப்பது இப்போது முன்பைவிட எளிது. கொதிக்கிற தண்ணீரில் இறக்குவது அதற்கு ஒரு காரணம், முட்டையின் வயது இன்னொன்று. அன்றைக்கு இட்ட முட்டையில் ஓட்டுக்கு உள்பக்கத் தோல் வெள்ளைக் கருவோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் பத்து நாள் ஆனது என்றால் முழுசாகக் கழன்று வரும். இதைப் புரிந்துகொண்ட பிறகு, முட்டை கொடுப்பவரிடம் புதுசு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுகிறேன்.

சூடான கிரேவியில் போட வேண்டிய முட்டை என்றால் 11-க்குப் பதில் ஒன்பதரை நிமிடத்தில் எடுத்துவிடுவேன், மீதி வேக்காட்டைக் கிரேவி பார்த்துக்கொள்ளும். அவித்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை. பந்தி தாமதமானால் ஓட்டோடு குளிர்ப் பெட்டிக்குப் போய்விடும், உரிப்பது பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான்.